நிறுத்தி வைத்த நாற்பத்தோராம் பாடம்

என் குரலைக் கேட்டவர்கள் நிறைய பேர் இருப்பார்கள், முகத்தைப் பார்த்தவர்கள்தான் குறைவு. லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்வது நான். ஒரு வங்கியின் தொலைபேசியில் "தயவுசெய்து காத்திருங்கள்" என்று சொல்லி ஜனங்களின் வாயில் வசவு வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்தான். குரல் கொடுப்பது என் தொழில். வீட்டில் படுக்கையறை அலமாரியைக் காலி செய்து, வெளிச் சத்தம் வராமல் இருக்க உள்ளே சுற்றிலும் பழைய ரஜாய்ப் போர்வைகளை ஆணியடித்து, ஒரு மைக்கையும் முக்காலியையும் போட்டிருக்கிறேன். புடவைகள் எல்லாம் நாற்காலி மேல் கிடக்கின்றன. அதை ஸ்டுடியோ என்று நான் சொல்வேன். என் தங்கை அலமாரி என்றுதான் சொல்வாள்.

கல்யாணம் ஒரு தடவை ஆனது, ஒத்து வரவில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி என்னைத் தேடி வந்தது. வேறு பாஷைக்காரர்களுக்கு நம் மொழியில் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆப் ஒன்றை அவர்கள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் அறுபது பாடங்கள். கடையில் பேசுவது, வீடு வாடகைக்குக் கேட்பது, டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வது, இப்படி. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தடவை சொல்ல வேண்டும்: முதலில் மெதுவாக, அப்புறம் சாதாரணமாக, கடைசியில் தெருவில் பேசுகிற வேகத்தில். "இந்தக் கத்திரிக்காய் என்ன விலை?" என்று மெதுவாகச் சொன்னால் அது ஏதோ மரண வாக்குமூலம் மாதிரி இருக்கும். வேகமாகச் சொன்னால் சண்டை மாதிரி இருக்கும். பத்துப் பாடம் முடிந்ததும் ஒரு பில். பில் போட்ட முப்பது நாளில் பணம். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது.

அந்த வேலையோடு கூடவே வந்ததுதான் பத்து மணி ஃபோன்.

பாடங்களின் வசனங்களை எனக்கு அனுப்பி வைப்பவர் ஒருவர் இருந்தார். நான் பதிவு செய்து அனுப்பினால் அடுத்த நாள் காலை சரியாகப் பத்து மணிக்குக் கூப்பிடுவார். "வணக்கம் மேடம், நேத்து அனுப்பினது கேட்டேன்" என்று ஆரம்பிப்பார். "ஏழாவது வாக்கியத்துல மேல் மாடி வாஷிங் மெஷின் லேசா கேக்குது. இன்னொரு டேக் கிடைக்குமா?" என்பார். "பன்னெண்டாவதுல உங்களுக்கு சளி பிடிக்கப் போற மாதிரி இருக்கு, வெந்நீர் குடிங்க" என்பார். எனக்கே தெரியாத சளி, இரண்டு நாள் கழித்து வந்து நிற்கும். எல்லாம் நன்றாக இருந்தால் ஒரே ஒரு வார்த்தைதான்: "இதை அப்படியே வச்சுக்கலாம்." அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை நாள் அலமாரிக்குள் உட்கார்ந்து வேர்த்துக் கொட்டியிருக்கிறேன் என்று சொன்னால் வெட்கக்கேடு.

அவரை நான் பார்த்ததில்லை. வேறு ஊர். என் தங்கை அவருக்கு வைத்த பெயர் 'பத்து மணி.' அவர் பேசும்போது பின்னால் ஒரு கெட்டில் சீட்டியடிக்கும். ஒரு தடவைகூட யாரும் "ஏங்க" என்றோ "அப்பா" என்றோ கூப்பிட்டுக் கேட்டதில்லை. அந்தக் கெட்டிலை அவரேதான் எழுந்து போய் அணைப்பார். இதிலிருந்து நான் தெரிந்துகொண்டதைத் தெரிந்துகொண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதினைந்து நிமிஷத்தில் பத்து நிமிஷம் வேலை, மீதி ஐந்து நிமிஷம் மழை, விலைவாசி, என் பால்கனிக்கு வந்து போகும் ஒற்றைக்கண் பூனை. அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் மற்ற இருபத்துமூன்றே முக்கால் மணி நேரமும் ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு நடுவில் மூன்றாவது பில்லுக்குப் பணம் வரவில்லை.

முதல் இரண்டு பில்லுக்கும் ஒழுங்காக வந்தது. மூன்றாவதுக்கு முப்பது நாள் ஆயிற்று, நாற்பதும் ஆயிற்று. என் பில்களைப் பார்த்துக்கொள்வது என் தங்கை. கீழ் வீட்டில்தான் இருக்கிறாள். பகலில் ஒரு லாரி கம்பெனியில் வசூல் பிரிவில் வேலை. வர வேண்டிய பணத்தை, எவன் மனமும் கோணாமல், ஆனால் விடாமல் வாங்குவதுதான் அவள் பிழைப்பு. இரண்டு நினைவூட்டல் அனுப்பினாள். "கவனிக்கிறோம்" என்று பதில் வந்தது. நானோ அந்தப் பக்கம் திரும்பாமல் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று பதிவு செய்துகொண்டே போனேன். நாற்பதாவது பாடம் முடிந்து நான்காவது பில்லும் போட்டு, நாற்பது வரைக்கும் அவர் கேட்ட திருத்தங்களைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததில் அதற்கும் கெடு தாண்டிய அன்று சாயங்காலம் அவள் மாடிக்கு வந்தாள்.

"அக்கா, நிறுத்து."

"எதை?"

"வேலையை. ரெண்டு பில் நிக்குது. உன் வாடகையை மூணு மாசமா நான் கட்டறேன். எனக்கு அதுல வருத்தமில்ல. ஆனா நீ யாருக்கோ தர்மத்துக்குப் பேசிட்டு இருக்கே."

"இன்னும் இருபது பாடம்தான்டீ. முடிச்சுட்டுக் கேட்டா தந்துடுவாங்க."

"முடிச்சுக் கொடுத்தப்புறம் உன்கிட்ட என்ன இருக்கு அவங்களுக்கு வேண்டியது? உன் அழகான முகமா?" என்றாள். அப்புறம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு என்னைவிட ஆறு வயசு குறைவு. பார்வை மட்டும் மாமியார் பார்வை. "பணம் வரலைங்கறது இல்ல உன் கவலை. நிறுத்தினா பத்து மணிக்கு ஃபோன் வராது. அதானே?"

"போடீ வேலையைப் பாத்துக்கிட்டு" என்றேன். என் காது சூடாகிவிட்டது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும். சரி, நிறுத்துவதென்று ஆகிவிட்டால் சும்மா நிறுத்துவேனா? நானே உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன். "நாங்கள் என்ன காற்றைக் குடித்தா உயிர் வாழ்கிறோம்?" என்று ஆரம்பித்து, "உங்கள் கணக்குப் பிரிவு தூங்குகிறதா, செத்துவிட்டதா?" வரைக்கும் போயிருந்தேன். தங்கை படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஃபிரேம் போட்டு உன் அலமாரிக்குள்ள மாட்டிக்கோ. இதை அனுப்பினா அவங்க உன் கோபத்துக்குப் பதில் எழுதுவாங்க, பில்லுக்கு எழுத மாட்டாங்க. அவங்க பேசறதுக்குப் பில்லைத் தவிர வேற எதுவுமே கிடைக்கக் கூடாது." ஒவ்வொரு வரியாக அடித்தாள். "அவமானம், ஏமாற்றம், நம்பிக்கைத் துரோகம், இதெல்லாம் எடு. யார் மேலயும் குத்தம் சொல்லாதே. என்ன வரணும், எப்ப வந்திருக்கணும், நாம என்ன செய்யப் போறோம், எப்ப திரும்ப ஆரம்பிப்போம். அவ்வளவுதான்."

கடைசியில் போன மெயில் இது:

"வணக்கம். எங்கள் மூன்றாவது, நான்காவது பில்களுக்கான தொகை ஒப்பந்தப்படி வர வேண்டிய தேதி கடந்தும் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு பில்களையும் இத்துடன் மீண்டும் இணைத்துள்ளோம். ஒப்பந்தத்தின் ஒன்பதாவது விதியின்படி, வரும் திங்கட்கிழமையிலிருந்து பதிவு வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிறோம். நாற்பது பாடங்களும் ஏற்கெனவே உங்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன. தொகை கணக்கில் சேர்ந்த இரண்டு வேலை நாட்களுக்குள் நாற்பத்தோராம் பாடத்தைத் தொடங்குவோம். நிறுத்தி வைத்த நாட்களுக்கு ஏற்ப முடிப்புத் தேதி தள்ளிப்போகும். எங்கள் தரப்பிலிருந்து ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் தெரிவியுங்கள், உடனே அனுப்புகிறோம். இது தொடர்பான எல்லாத் தகவல்களையும் இந்த மெயில் முகவரிக்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்."

"இவ்வளவுதானா?" என்றேன். "ஒரு வரி நான் போடறேன்."

"வசவு இல்லையே?"

நான் போட்ட வரி: "இந்தப் பாடங்களில் வேலை செய்வது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. விரைவில் தொடர விரும்புகிறோம்."

தங்கை அதை இரண்டு தடவை படித்தாள். அடிக்கவில்லை. "பொய் இல்லாத வரி. இருக்கட்டும்" என்று சொல்லி, கணக்குப் பிரிவுக்கும் கம்பெனி நிர்வாகிக்கும் அனுப்பினாள். நகல் ஒன்று 'பத்து மணி'க்கும் போயிற்று. பிறகு என் கையிலிருந்த ஃபோனைக் காட்டிச் சொன்னாள், "இனிமே இதுல யாரும் வேலை பேசக் கூடாது. எழுத்துல மட்டும்தான். உன்கிட்ட ரெண்டு வார்த்தை நயமா பேசினா நீ கிட்னியைக் கழட்டிக் கொடுத்துடுவே."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கூப்பிடவில்லை. மெயிலில் கேட்டபடியே, எழுதித்தான் அனுப்பியிருந்தார்: "தகவல் கிடைத்தது. நாற்பதாவது பாடம் சரியாக உள்ளது. நன்றி." அவ்வளவுதான். கெட்டில் இல்லை, பூனை இல்லை. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு என் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மேல் மாடியில் வாஷிங் மெஷின் ஓடியது. அதைப் பற்றிக் குறை சொல்ல ஆளில்லை. பூனை வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. அதற்கு ஒரு குட்டி பிறந்திருந்தது, அதுவும் ஒற்றைக்கண்ணோ என்று நான் பயந்து பார்த்தால், இல்லை, இரண்டு கண்ணும் முழுசாக இருந்தது. யாரிடம் சொல்ல? தங்கையிடம் சொன்னேன். "சரி" என்றாள். அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவர் சிரித்தால் மூச்சுதான் கேட்கும், சத்தம் கேட்காது.

இப்படியே நாள் போயிற்று. வேறு சின்னச் சின்ன வேலைகள் செய்தேன். ஒரு மருந்துக் கடையின் விளம்பரம், ஒரு பள்ளிக்கூட பஸ்ஸின் அறிவிப்பு. பத்து மணி ஆனால் கை தானாக ஃபோனைத் திருப்பிப் பார்க்கும். மனசுக்குச் சொன்னால் கேட்கிறதா? அது பாட்டுக்குப் போய் வாசலில் நிற்கிறது.

கம்பெனியிலிருந்து ஒரு பதில் வந்தது. தங்களுக்கே வர வேண்டிய முதலீடு தாமதமாகிவிட்டதாம், மீதி இருபது பாடத்தையும் முடித்துக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கொடுத்துவிடுவார்களாம். நான் கோபத்தின் உச்சியில் இருந்தேன். தங்கை காபியை உறிஞ்சிக்கொண்டே பதில் எழுதினாள்: "நிலைமையைத் தெரிவித்ததற்கு நன்றி. நிலுவையில் உள்ள இரண்டு பில்களும் தீர்ந்ததும் வேலையைத் தொடர்வதில் மகிழ்ச்சி. உங்களுக்கு வசதியாக, இனி ஐந்து பாடத்துக்கு ஒரு சிறிய பில்லாகப் பிரித்துக்கொள்ளவும் நாங்கள் தயார்." அதோடு நிறுத்திவிட்டாள்.

"அவங்க கஷ்டம் அவங்களுக்கு இருக்காதா?" என்றேன்.

"இருக்கும். அதுக்காக உன் வாடகையைக் கேட்டு உன் வீட்டு ஓனர் வந்து நிக்காம இருப்பாரா?"

நாற்பத்தோராம் பாடம் முதல் நாற்பத்து மூன்று வரை வசனங்கள் முன்னாலேயே என்னிடம் வந்திருந்தன. நாற்பத்தோராவது, விருந்துக்கு அழைப்பது. ஒரு வீட்டுக்காரம்மா, புதுசாக ஊருக்கு வந்தவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவர் வருகிறேன் வருகிறேன் என்கிறார், நாளைச் சொல்லவில்லை. அவள் கேட்கிறாள்: "எப்ப வருவீங்க?"

ஒரு புதன்கிழமை, காலையில், நான் அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சும்மா தொண்டை துருப்பிடிக்காமல் இருக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவளாவது நம்புவாளா? மைக்கைப் போட்டேன். எப்ப வருவீங்க, மெதுவாக. எப்ப வருவீங்க, சாதாரணமாக. வேகமாகச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. முகத்தை ரஜாயில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அந்த மனுஷரை எனக்கு அவ்வளவு தேடியது.

பாடம் முழுவதையும் பதிவு செய்துவிட்டேன். அனுப்பினால் நாளைக்குப் பத்து மணிக்குக் கூப்பிடுவார். பணமாவது மண்ணாவது, ஒரு பாடம் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? ஆனால் அனுப்பு என்கிற பட்டனுக்கு மேலே விரலை வைத்தபோது தங்கை கட்டிய வாடகை ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அனுப்பவில்லை. அதைவிட மோசமாக ஒன்று செய்தேன். பத்து மணி ஆனதும் நானே அவரைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "வணக்கம் மேடம்."

"நாப்பத்தொண்ணு பதிவு பண்ணிட்டேன்" என்றேன். "அனுப்பட்டுமா?"

"பணம் வந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப அனுப்பாதீங்க." அவர் குரல் அவ்வளவு கண்டிப்பாக நான் கேட்டதில்லை. "நீங்க ஒண்ணு அனுப்பினா, நிறுத்தினதுக்கு அர்த்தமில்லாம போயிடும். இவங்க சும்மா எழுதினாங்கன்னு நினைச்சுக்குவாங்க. உங்க தங்கச்சி எழுதினது ரொம்பச் சரி. ஒரு வார்த்தை அதிகமும் இல்ல, ஒரு வார்த்தை குறைவும் இல்ல."

"பூனை குட்டி போட்டிருக்கு" என்றேன்.

அவர் மூச்சு கேட்டது. "ரெண்டு கண்ணும் இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. வச்சுடட்டுமா மேடம்? எழுத்துலதான் பேசணும்னு உங்க மெயில்ல இருக்கு."

வைத்துவிட்டார். கெட்டில் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இவருக்கு ஒன்றுமே இல்லை, கம்பெனி ஆள், கம்பெனி ஆளாகவே பேசுகிறார், நான்தான் கோட்டை கட்டியிருக்கிறேன் என்று தீர்மானித்துக்கொண்டேன். அன்று அலமாரியில் இருந்த ரஜாயை எல்லாம் கழற்றித் துவைத்துப் போட்டேன். கோபம் வந்தால் துணி துவை என்பது என் தங்கையின் வைத்தியம்.

அடுத்த வாரம் பணம் வந்துவிட்டது. இரண்டு பில்லுக்கும் முழுசாக. ஆப் வெளிவரும் தேதியை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்களாம், நாற்பது பாடத்தோடு பாதியில் நிறுத்த முடியாதாம், எங்கோ பிடித்துப் புரட்டிவிட்டார்கள். தங்கை முகத்தில் ஒரு பெருமையும் காட்டாமல் "தொகை கிடைத்தது, நன்றி, நாளை மறுநாள் வேலை தொடங்கும்" என்று எழுதிவிட்டு, எனக்கு வாடகைக் கணக்கைச் சொன்னாள். நான் கொடுத்தேன். ஐந்து பாடத்துக்கு ஒரு பில் என்பதற்கும் ஒத்துக்கொண்டார்களாம்.

மறுநாள் பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. நான் தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள், ஆனாலும் வாரியிருந்தேன்.

"குட் மார்னிங் மேடம்" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். கம்பெனியில் பதிவுகளைச் சரிபார்க்கிறவளாம். "பேமென்ட் வந்துடுச்சு இல்லையா? நாப்பத்தொண்ணுல இருந்து நாப்பத்து மூணு வரைக்கும் எப்ப கிடைக்கும்?"

"நாளைக்கு ஆரம்பிச்சு இந்த வாரத்துக்குள்ள தரேன். அதுக்கு மேல வசனம் வரலையே?"

"அதான் மேடம் பிரச்சினை. எழுதறவர் நிறுத்தி வச்சிருக்கார். அவருக்கும் பாக்கி."

"யாரு எழுதறவர்?"

அவள் பெயரைச் சொன்னாள். 'பத்து மணி'யேதான்.

"அவர் உங்க கம்பெனி ஆள் இல்லையா?"

"இல்ல மேடம். உங்களை மாதிரிதான், வெளியில இருந்து எழுதித் தர்றவர். உங்க பாக்கிக்கு முன்னாலேயே அவருக்கு பாக்கி ஆரம்பிச்சாச்சு. பாவம், ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டே இருந்தார். நீங்க நிறுத்தி வைக்கிறோம்னு மெயில் போட்டீங்க இல்ல? அந்த வாரமே அவரும் போட்டுட்டார். அச்சு அசல் உங்க மெயில்தான் மேடம். கடைசி வரி வரைக்கும். 'விரைவில் தொடர விரும்புகிறோம்'னு இருந்துச்சு, ஒத்தை ஆளு, 'றோம்'னு எழுதியிருக்காரேன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

"அப்ப பதிவுல தப்பு இருந்தா காலையில கூப்பிட்டுச் சொல்றது?"

"யாரு, அவரா? தினமுமா?" அவள் குழம்பிவிட்டாள். "அது அவர் வேலையே இல்லையே மேடம். கேட்டுப் பாக்கறது எங்க டீம். தப்பு இருந்தா மாசக் கடைசியில நாங்க எழுதி அனுப்புவோம். ஆனா உங்களுக்கு அனுப்பினதே இல்ல. உங்க பதிவுல தப்பே வராதே!"

வராதுதான். எப்படி வரும்?

ஃபோனை வைத்தேன். தங்கை லீவில் இருந்தாள், பால் கொடுக்க மேலே வந்தவள் என் முகத்தைப் பார்த்து என்ன என்றாள். சொன்னேன். பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"காசே வாங்காம வேலை செஞ்சது நீ ஒருத்திதான்னு நினைச்சேன்" என்றாள். "ஜோடிதான்."

"நீ ஃபோன்ல பேசக் கூடாதுன்னு சொன்னியே?"

"பணம் வந்தாச்சு. விதி முடிஞ்சு போச்சு." படியில் இறங்கியவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள், "அவரோட பாக்கிக்கு என்கிட்ட எழுதச் சொல்லு. காப்பி அடிச்சதுல ஒன்பதாவது விதியும் சேந்து வந்திருக்கப் போகுது. அவர் ஒப்பந்தத்துல அது வேற நம்பரா இருக்கும்."

நான் கூப்பிட்டேன். பத்து மணி எப்போதோ தாண்டியிருந்தது.

"வணக்கம் மேடம்" என்றார். "பணம் வந்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனா நான் இப்ப வேலையை நிறுத்தி வச்சிருக்கேன், அதனால..."

"தெரியும். எதுக்கு நிறுத்தினீங்க?"

"பணம் வரலை."

"எத்தனையோ மாசமா வரலையாமே. இப்ப எதுக்கு நிறுத்தினீங்க?"

பின்னால் கெட்டில் சீட்டியடிக்க ஆரம்பித்தது. அவர் எழுந்து போகவில்லை.

"நீங்க நிறுத்திட்டீங்க" என்றார். "அதுக்கு முன்னாடி நான் நிறுத்தியிருந்தா உங்களுக்கு வசனம் வராது. வசனம் வரலைன்னா பதிவு இல்ல. பதிவு இல்லைன்னா காலையில என்ன சாக்கு சொல்லி உங்களைக் கூப்பிடறது? எனக்கு ஒண்ணும் தோணலை. அதான் எழுதிட்டே இருந்தேன்."

கெட்டில் கத்திக்கொண்டே இருந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்து பதினெட்டு வருஷம், மூச்சை எங்கே விட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை.

"என்கிட்ட இப்ப சாக்கு எதுவும் இல்ல மேடம்" என்றார். "வேலை நின்னுடுச்சு."

"எனக்கும் இன்னிக்கு வேலை இல்ல" என்றேன். "எப்ப வருவீங்க?"

மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. குரல் கொஞ்சம் நடுங்கியது. மேல் மாடியில் வாஷிங் மெஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு டேக் கேட்பார் என்று நினைத்தேன்.

அவர் எழுந்து போய்க் கெட்டிலை அணைத்துவிட்டு வந்தார்.

"இதை அப்படியே வச்சுக்கலாம்" என்றார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை பஸ் இருக்கான்னு பாக்கறேன். காலையில கிளம்பினா பத்து மணிக்கெல்லாம் வந்துடலாம்."